வயல் ஏட்டில் பெயர் இல்லாதவர்கள்

கண்டிக்குத் தெற்கே மாரஸ்ஸன பக்கம் அரை ஏக்கர் வயல் வைத்திருப்பவரும், பொலன்னறுவையில் ஐந்து ஏக்கர் வைத்திருப்பவரும் ஒரே பசளை மானியத்துக்கு உரியவர்கள். 2024 பெரும்போகத்துக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய், உச்ச வரம்பு 2 ஹெக்டேயர் என்றார்கள். கணக்குப் போட்டால் மாரஸ்ஸனக்காரருக்கு ஏறக்குறைய 5,000 ரூபாய், மற்றவருக்கு 50,000. ஏழைக் கமக்காரரின் பெயரில் போகும் காசு, அவரிடம் நிலம் குறையக் குறையத் தானும் குறைகிறது.

1962இல் தொடங்கிய இந்த மானியம் பல வேஷம் போட்டிருக்கிறது. 2005க்குப் பின் நெல்லுக்கான 50 கிலோ மூடை 350 ரூபாய். 2016இல் மூடைக்குப் பதில் காசு. 2020இல் இலவசம். 2021 மே மாதம் இரசாயனப் பசளைக்கே தடை. இத்தனையிலும் கமநல சேவை நிலையத்தின் நெற்காணி ஏடு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. அதில் பரப்பு பதிந்திருந்தால்தான் பங்கு.

அந்த 350 ரூபாய் மூடை எல்லாமே வயலுக்குப் போனதா என்பது வேறு கதை. 2011இல் ஏனைய பயிர்களுக்கும் மானியம் வந்தபோது அந்தப் பயிர்களுக்கு மூடை 1,200 ரூபாய். ஒரே யூரியா, இரண்டு விலை. கண்டி மாவட்டத்தில் தரிசாகிப்போன ஓடைவயல்கள் ஏராளம். ஏட்டில் உயிரோடிருக்கும் அவ்வயலின் மூடை, மேட்டிலுள்ள மரக்கறிப் பாத்திக்கு ஏறுவதற்குப் பெரிய சூழ்ச்சி தேவையில்லை. பசளை வழங்கிய பரப்பையும் உண்மையில் விதைத்த பரப்பையும் போகத்துக்குப் போகம் ஒப்பிட்டிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். மலிவாகக் கிடைப்பதைத் தாராளமாகத்தான் போடுவார்கள். பயிர் எடுத்ததுபோக மிஞ்சிய தழைச்சத்து சரிவு வழியே மழையோடு மகாவலிக்கு இறங்குகிறது. கண்டி நகரம் குடிப்பது அந்த ஆற்றைத்தான். அதைச் சுத்திகரிக்கும் செலவு பசளைக் கணக்கில் ஒருபோதும் வராது.

இனி, இதற்கெல்லாம் யார் காசு? நம் நாட்டு வரி வருமானத்தில் பெரும்பகுதி மறைமுக வரி. கலஹாவிலோ தெல்தோட்டையிலோ லயத்தில் இருக்கும் தோட்டத் தொழிலாளி சவர்க்காரம் வாங்கினாலும் ஃபோனுக்கு ரீலோட் போட்டாலும் வரி கட்டுகிறார். லயத்துக்குப் பின்னால் அவர் போடும் லீக்ஸும் போஞ்சியும் கம்பனிக் காணியில் நிற்பவை. அவர் பெயரில் உறுதி இல்லை, வயல் இல்லை, ஆகவே ஏட்டிலும் இல்லை. பசளையை முழு விலைக்கு வாங்கிக்கொண்டே அடுத்தவரின் மானியத்துக்கும் கொடுக்கிறார். மானியத்தால் அரிசி மலியும், அதில் அவருக்கும் பங்கு உண்டு என்பார்கள். பெரிய ஆலைக்காரர்கள் விலையைப் பிடித்து வைத்திருக்கும் சந்தையில் அந்தப் பங்கு அவர் உலைக்கு வந்து சேர்வதை நான் நம்பவில்லை.

2021 தடையின்போது இந்தப் பாரபட்சம் இன்னும் அப்பட்டமாகத் தெரிந்தது. தேயிலையும் மரக்கறியும் நெல்லோடு சேர்ந்தே அடிபட்டன. 2022 ஜனவரியில் அறிவித்த 4,000 கோடி ரூபாய் நட்டஈடு நெல் விவசாயிகளுக்குத்தான்.

மானியத்தை நிறுத்தச் சொல்வது என் நோக்கமல்ல. முதல் ஒரு ஏக்கருக்கு மட்டும் கொடுக்கலாம், அதுவும் விதைத்த பரப்பைப் பார்த்த பிறகு. அப்படி மிஞ்சுவதில், உறுதி கேட்காமல், தோட்டத்துப் பாத்திகளையும் பதிவு செய்யலாம். கிராம அலுவலருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் எந்தப் பாத்தி யாருடையது என்று இப்போதே தெரியும்.