கண்ணாடித் தெருவும் மாவு மூடுபனியும்

மழை பெய்து ஓய்ந்த தெருவைக் கணினியில் வரைகிறவர்கள் மீது எங்களுக்கு ஒரு வழக்கு உண்டு. இன்னும் கட்டப்படாத கட்டடம் எப்படித் தோன்றும் என்பதைக் காட்ட ரெண்டர் எனப்படும் வெளிப்புறக் காட்சிப்படங்கள் செய்யப்படுகின்றன. அண்மைக்காலமாக அவற்றில் பாதிக்கு மேல் மழையில் நனைந்தே நம் முன் வருவதாக எங்களுக்குத் தோன்றுகிறது. தரை பளபளக்கிறது, வானம் சாம்பல் பூசிக்கொள்கிறது, இடையில் வெண்மையாக ஏதோ மிதக்கிறது. பார்த்தவுடன் 'அப்படியே புகைப்படம்!' என்று வியக்கிறார்கள். அது புகைப்படம் போல இல்லை, மழைக்கு ஒப்பனை போட்ட முகம் போல இருக்கிறது என்பதே எங்கள் வாதம்.

1877ஆம் ஆண்டு குஸ்தாவ் கய்பொத் வரைந்த, பாரிஸ் நகரத்து மழைநாள் தெரு ஓவியத்தை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். இப்போது அது சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. அதில் ஒரு மழைத்துளிகூடக் கோடாக வரையப்படவில்லை. ஆயினும் குடைகளை நீக்கிவிட்டாலும் அது மழைநாள்தான் என்று தரைக்கற்களே சொல்லிவிடும். ஒவ்வொரு கல்லும் தன் வளைவுக்கேற்ப வானத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்கிறது, கற்களுக்கு இடையிலான இடுக்குகள் இருண்டு கிடக்கின்றன. எந்த இடத்திலும் தரை கண்ணாடியாக மாறவில்லை. கணினி இல்லாத காலத்து மனிதர் கண்ணால் கண்டறிந்ததை, கணினி வைத்திருக்கும் நாம் ஏன் கைவிட்டோம்?

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். எங்களில் ஒருவர் இத்தொழிலில் இருப்பவர். அவர் கைக்கு வந்த ஒரு மூன்று மாடி நூலகத்தின் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடி அமர்ந்து பிரித்துப் பார்த்தோம். செங்கல் முகப்பு, முன்னால் தார்ச்சாலை. பார்வைப் புள்ளி தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில், அதாவது நிற்கும் ஒருவரின் கண்மட்டத்தில் இருந்தது. அங்கிருந்து முகப்பு 25 மீட்டர் தொலைவு. சாலை முழுவதும், காலடியிலிருந்து கடைசி வரை, ஒரே அளவில் முகப்பைத் திருப்பிக் காட்டிக்கொண்டிருந்தது.

முதல் பொய் இங்கேதான். நீர் எல்லாக் கோணத்திலும் ஒரே அளவு ஒளியைத் திருப்பித் தருவதில்லை. நேர் மேலிருந்து குனிந்து பார்த்தால் நூற்றில் 2 பங்குதான் திரும்பும். பார்வை சாயச் சாய அது கூடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரெனெல் இதற்குச் சமன்பாடு எழுதிவைத்துவிட்டார். நம் படத்தின் அளவுகளை அதில் இட்டால் கணக்கு இப்படி வருகிறது: 2 மீட்டர் தள்ளியுள்ள நீர்ப்பரப்பு நூற்றில் 4 பங்கையும், 10 மீட்டரில் ஏறத்தாழ 38 பங்கையும், 20 மீட்டரில் சுமார் 60 பங்கையும் திருப்பித் தரும். அதாவது காலடியில் நாம் பெரும்பாலும் தாரைத்தான் பார்க்க வேண்டும், தொலைவில்தான் பிம்பம் மேலோங்க வேண்டும். மென்பொருளில் நீரின் ஒளிவிலகல் எண்ணாகிய 1.33ஐ IOR என்ற இடத்தில் இட்டுவிட்டால் இவ்வேறுபாடு தானாகவே வந்துவிடும. நம் படத்தைச் செய்தவரோ சாலையை உலோகமாக்கியிருந்தார். உலோகம் காலடியிலும் மின்னும், அதனால்தான் சாலை எவர்சில்வர் தட்டு போலக் கிடந்தது.

இரண்டாவது பொய், பளபளப்பைச் சேர்த்துவிட்டு நிறத்தை அப்படியே விட்டுவிடுவது. நனைந்த தார், சிமெண்டு, செங்கல், மண் எல்லாம் இருண்டு போவதை யாரும் அறிவார்கள். ஏன் என்பதை 1925இல் ஓங்ஸ்ட்ரோம் விளக்கினார். பொருளில் பட்டுச் சிதறி வெளியேற முயலும் ஒளியில் ஏறக்குறைய பாதியை மேலிருக்கும் நீர்ப்படலம் மீண்டும் கீழே திருப்பிவிடுகிறது. திரும்பிய ஒளி மறுபடியும் பொருளில் பட்டு, மறுபடியும் கொஞ்சம் உறிஞ்சப்படுகிறது. நுண்துளைகளில் புகும் நீரும் ஒளியை இன்னும் ஆழத்துக்கு அனுப்பிவிடுகிறது. ஆகவே நீரை உறிஞ்சும் பொருள்களுக்குத்தான் இந்த இருட்டு உரியது. சன்னல் கண்ணாடிக்கும் இரும்புக் கம்பிக்கும் இல்லை, சாலையின் வெள்ளைக்கோட்டுப் பூச்சுக்கு மிகக் குறைவு. நூலகப் படத்தில் தாரின் அடிநிறத்தைப் பாதியாகக் குறைத்து, கோட்டை ஏறக்குறைய அப்படியே விட்டோம். அந்த ஒரு மாற்றத்திலேயே சாலை நனைந்துவிட்டது. பிம்பத்தில் நாங்கள் அதுவரை கைவைக்கவே இல்லை.

அடுத்தது, நீர் எங்கே நிற்கிறது என்ற கேள்வி. நீர் பள்ளம் தேடும் பொருள் என்பது நமக்குத் தெரியாததல்ல. ஆனால் படங்களில் குட்டைகள் எங்கு அழகோ அங்கு தேங்குகின்றன. உண்மைத் தெருவில் சாலை நடுவே சற்று மேடாக இருக்கும், நீர் ஓரத்துக்கு ஓடி நடைபாதைக் கல்லை ஒட்டித் தேங்கும். சக்கரங்கள் ஓடும் தடம் முதலில் உலரும். சன்ஷேடுக்குக் கீழே ஒரு வறண்ட பட்டை இருக்கும், மழைக்கு முன்பே நிறுத்திய காருக்கு அடியில் வறண்ட திட்டு இருக்கும். தேங்கிய நீர் மட்டுமே கண்ணாடி. அங்கே மட்டும் Roughness சுழியத்தை நெருங்கலாம். வெறும் ஈரத்தில் ஜல்லிக்கற்கள் நீர்ப்படலத்துக்கு மேல் தலைநீட்டுவதால் பிம்பம் உடைந்து, விளக்கொளி நம்மை நோக்கி நீளமாக இழுபடும். பக்கவாட்டில் அவ்வளவு பரவாது. விளக்கின் பிம்பம் வட்டமாக மழுங்கியிருந்தால் அதை ஐயப்படுங்கள்.

இன்னொரு குறுக்குவழியையும் சொல்லியாக வேண்டும். படத்தின் மேற்பாதியை வெட்டி, தலைகீழாக்கி, சாலையின் மேல் மங்கலாக ஒட்டுகிறார்கள். குட்டையில் தெரிவது நம் பார்வையின் நகல் அல்ல. தரைக்குக் கீழே 1.6 மீட்டர் ஆழத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவரின் காட்சி அது. சன்ஷேடின் அடிப்பகுதி நேர்க்காட்சியில் தெரிவதைவிடக் குட்டையில் கூடுதலாகத் தெரிய வேண்டும். ஒட்டிய படத்தில் அது ஒருபோதும் தெரியாது.

மேகமூட்ட வானத்துக்கு வருவோம். எல்லாத் திசையிலும் ஒரே சாம்பல் நிறத்தை இட்டு, நிழலை அணைத்துவிட்டால் மேகமூட்டம் என்று நினைக்கிறார்கள். வானம் முழுக்க மூடிய நாளில் உச்சி, அடிவானத்தைப் போல மூன்று மடங்கு பிரகாசமாக இருக்கும். 1942இல் மூனும் ஸ்பென்சரும் தந்த இந்த அளவுதான் பிற்பாடு உலகத்தர வரையறையும் ஆயிற்று. இதன் விளைவாக, எதிரே தடுப்பேதும் இல்லாத செங்குத்துச் சுவருக்கு, மேலே பார்த்த தரைக்குக் கிடைக்கும் வானொளியில் நூற்றில் 40 பங்குதான் கிடைக்கும். ஒரே சாம்பல் வானத்தில் அது 50 ஆகிவிடும். வேறுபாடு சிறியதாகத் தெரியலாம். ஆனால் சன்னல் விளிம்பின் மேற்புறம் வெளுத்து, அதன் அடிப்புறம் கறுத்து, கட்டடத்துக்கு எடை வருவது இதனால்தான். மேகமூட்டத்திலும் நிழல் உண்டு. அது பொருளின் காலடியில் விளிம்பின்றிக் குவிந்திருக்கும். அது இல்லாத கார்கள் சாலைக்குமேல் மிதக்கின்றன.

மூடுபனிதான் மிகப் பெரிய மோசடி. நம் படத்தில் 25 மீட்டர் தொலைவிலுள்ள முகப்பே பாதி வெளுத்திருந்தது. அதே சமயம் பின்னால் அரைக் கிலோமீட்டரில் ஒரு கோபுரம் அழகாகத் தெரிந்தது. பனி ஒளியைத் தொலைவுக்கு நேர்விகிதத்தில் குறைப்பதில்லை. ஒவ்வொரு சம தூரத்திலும் எஞ்சியதில் ஒரே பங்கைத் தின்கிறது. 25 மீட்டரில் பாதி போய்விட்டால் 50இல் கால்பங்கு, 75இல் அரைக்கால்பங்குதான் மிஞ்சும். 140 மீட்டருக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. அந்தக் கோபுரம் அங்கே இருக்கவே முடியாது! பார்வை ஒரு கிலோமீட்டர் வரை எட்டும் இலேசான பனியை எடுத்துக்கொண்டால், முகப்பு தன் மாறுபாட்டில் பத்தில் ஒரு பங்குதான் இழக்கும். 200 மீட்டரிலுள்ள மரங்களில் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும், கோபுரத்தில் நூற்றில் 14 பங்கும் எஞ்சும். பனியின் நிறமும் தூய வெள்ளை அல்ல, அதன் பின்னுள்ள அடிவானத்தின் பிரகாசம்தான். அடிவானத்தைவிட வெளுத்த பனி, பனியல்ல, மாவு.

இதற்கு இரண்டு மறுப்புகள் எங்களுக்குக் கிடைத்தன. ஒன்று, 'திரைப்படக்காரர்களே தெருவில் நீரூற்றித்தானே எடுக்கிறார்கள்?' என்பது. உண்மைதான். ஆனால் அவர்கள் ஊற்றுவது நீர். ஊற்றியபின் அது அவர்கள் சொல் கேட்பதில்லை, சாய்வுக்குத்தான் கட்டுப்படுகிறது. மற்றொன்று, லென்ஸில் துளிகளும் படத்தில் மணிமணியான இரைச்சலும் சேர்த்தால் புகைப்படத்தன்மை வந்துவிடும் என்பது. அவை புகைப்படக் கருவியின் குறைகள். கருவியின் குறையைப் போலிசெய்வதால் உலகம் உண்மையாகிவிடாது. தவறான சாலைக்கு மேல் தூவிய துளி, தவறான சாலையின் மேல் தூவிய துளியே.

'ஒரு படத்துக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா?' என்று கேட்பவர்களுக்கு, அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி முடிக்கிறோம். சாய்வுகளை வரைபடத்தில் உள்ளபடி இட்டு, நீரைத் தன்போக்கில் விட்டபோது, பெரிய குட்டை நாங்கள் எதிர்பாராத இடத்தில் தேங்கியது: சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் அடியில். நுழைவாயிலுக்கு மேலிருந்த சன்ஷேடோ, வறண்ட பட்டையைப் படிகளுக்கு முன்பே முடித்துக்கொண்டது. மழைநாளில் புத்தகத்தோடு வெளியே வருபவர் முதல் படியிலேயே நனைவார். பழைய படத்தில் அதே சாய்தளத்தின் மேல் முகப்பின் பிம்பம் அழகாக மின்னிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எல்லாரும் ஒப்புதல் அளித்திருந்தார்கள். நண்பர் மறுநாள் புதிய படத்தையும், குட்டை தேங்கிய இடத்தைச் சிவப்பில் வட்டமிட்ட வரைபடத்தையும் கட்டடக் கலைஞருக்கு அனுப்பினார். சாய்தளத்தின் அடியில் ஒரு வடிகால் சேர்க்கப்பட்டது. சன்ஷேடு பற்றிய பேச்சு இன்னும் முடியவில்லை.