ஒரு மாதம் பொறுக்க முடியாதபோது



ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி என்னிடம் வந்தாள். ஆறு வருடமாகத் தையல் இயந்திரத்தில் இருப்பவள். ஊரில் தாய் பாரிசவாதத்தால் விழுந்துவிட்டார். தூக்கிவிட வேறு ஆளில்லை.

"திங்கட்கிழமை தொடக்கம் வேலைக்குப் போகாமல் விடப் போறன் அக்கா. சொன்னால் ஒரு மாதம் நில் எண்டுதான் சொல்லுவினம்" என்றாள்.

அவளுடைய நியமனக் கடிதத்தை எடுத்துவரச் சொன்னேன். விலகுவதானால் ஒரு மாத முன்னறிவித்தல், இல்லையேல் ஒரு மாதச் சம்பளம் கட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. இது இரு தரப்பும் செய்த உடன்பாடு. நிருவாகம் விரும்பினால் விட்டுக்கொடுக்கலாம். ஆனால் நாங்கள் கேட்க வேண்டும். சொல்லாமல் நின்றால் பதவியைக் கைவிட்டதாகப் பதிந்துவிடுவார்கள். பிறகு சேவைச் சான்றிதழ் கேட்டுப் போகவே கூச்சமாக இருக்கும்.

இருவரும் இருந்து எழுதினோம். முதலில் அவள் இரண்டு பக்கம் எழுதியிருந்தாள், இடம்பெயர்ந்த காலம் தொட்டு. அதை மடித்து வைத்துவிட்டு இவ்வளவுதான் எழுதினோம்:

"எனது தாயார் பாரிசவாதத்தால் பாதிக்கப்பட்டுள்ளார். அவரைப் பராமரிக்க வேறு எவரும் இல்லாததால் வரும் புதன்கிழமையுடன் வேலையிலிருந்து விலக விரும்புகிறேன். நியமனக் கடிதத்தின்படி ஒரு மாத முன்னறிவித்தல் தரவேண்டும் என்பதை அறிவேன். என் நிலைமையைக் கருத்திற்கொண்டு மிகுதி நாட்களையும் அதற்கான கொடுப்பனவையும் விலக்களித்து உதவுமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதுவரை எனது வேலையைப் புதியவருக்குக் காட்டிக் கொடுப்பேன். தங்கள் முடிவை எழுத்தில் தந்துதவவும்."

வைத்தியசாலை அட்டையின் பிரதியையும் இணைத்தோம். கடைசி நாள் எது என்று எழுதாத கடிதம் மேசையிலேயே கிடக்கும். ஆகவே நாளைக் குறிப்பிடத் தவற வேண்டாம். இன்னொரு பிரதியில், பெற்றுக்கொண்டதாகக் கையொப்பமும் திகதியும் வாங்கச் சொன்னேன்.

"எனக்கு ஒண்டும் வேண்டாம் எண்டும் எழுதட்டோ?" என்று கேட்டாள். அதைமட்டும் எழுத விடவில்லை. ஊழியர் சேமலாப நிதி அவள் பெயரிலேயே இருக்கும். அவசரமாக விலகியதற்காக அது இல்லாமல் போகாது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தியானால், 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடையும் உண்டு. மாதச் சம்பளக்காரருக்கு வருடமொன்றுக்கு அரை மாதச் சம்பளம். அவளுடைய கடைசிச் சம்பளம் 30,000 ரூபா என்றால், ஆறு வருடத்துக்கு 90,000 ரூபா. விலகி 30 நாட்களுக்குள் அது கொடுக்கப்பட வேண்டும். கிடைக்காவிட்டால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம்.

முகாமையாளர் கொஞ்சம் முணுமுணுத்தாராம். பிறகு, புதிய பிள்ளைக்கு மூன்று நாள் பழக்கிவிட்டுப் போகும்படி சொல்லி, விலக்களித்துக் கடிதமும் கொடுத்திருக்கிறார். புதன் இரவு பஸ்ஸில் அவள் ஊருக்குப் போனாள்.