கோபாட்டுக்கும் எல்லைக்கோடு தேவை

மாணவர்களே, மனிதரோடு சேர்ந்து வேலை செய்யும் ரோபோவான கோபாட், மோதினால் நின்றுவிடும். அதனால் அதற்கு எல்லையே வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். இதை நான் ஏற்கவில்லை.

கை நசுங்கும்போது விசை 140 நியூட்டனைத் தாண்டக்கூடாது என்கிறது ஐஎஸ்ஓ அமைப்பின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி. அழுத்தத்துக்கும் அதில் தனி வரம்பு உண்டு. காரணம் நீங்கள் படித்ததுதான்: விசையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம். ரோபோ கத்தியைப் பிடித்திருந்தால், சிறு விசையே விரலை வெட்டிவிடும். அங்கே ஆள் நெருங்கும் முன்பே அது நிற்க வேண்டும்.

அதற்குத்தான் லேசர் ஸ்கேனர். அது ஆளைக் கண்டு, ரோபோ முழுதாக நிற்க 0.6 வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். நடப்பவரின் வேகத்தை வினாடிக்கு 1.6 மீட்டர் என்று கொண்டால், அதற்குள் அவர் 0.96 மீட்டர் வந்துவிடுவார். தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள ஸ்கேனர் காலைத்தான் பார்க்கும். கை முன்னால் நீண்டிருக்கலாம். அதற்காக 1.12 மீட்டர் சேர்க்க வேண்டும். ஆக, ரோபோ எட்டும் இடத்திலிருந்து 2.08 மீட்டர்.

ரோபோவின் வேகத்தையோ சுமையையோ கூட்டினால் நிற்கும் நேரமும் கூடும். அப்போது பழைய கோடு வெறும் வண்ணப்பூச்சுதான். நேரத்தை மீண்டும் அளக்காமல் ரோபோவை இயக்கக்கூடாது என்பதே என் கருத்து.