பச்சைக் கட்டங்களை நம்பலாமா?

கம்பெனிகளில் வேலை பார்க்கும் புரோகிராமர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அலுவலகத்தில் எழுதிய புரோகிராம் கம்பெனிக்குச் சொந்தம். வேறு வேலைக்கு விண்ணப்பிக்கும்போது அதைக் காட்ட முடியாது. அதனால் பலர் ஓய்வு நேரத்தில் எழுதியதை கிட்ஹப் என்ற இணையதளத்தில் வைத்து, அதன் முகவரியை பயோடேட்டாவில் தருகிறார்கள்.

அந்தப் பக்கத்தைத் திறந்தால் ஒரு வருட நாட்காட்டி கட்டம் கட்டமாகத் தெரியும். வேலை செய்த நாட்கள் பச்சை. கட்டங்கள் நிறைந்திருந்தால் ‘உழைப்பாளி’ என்று தோன்றும். இதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

காரணம் எளிது. செய்த மாற்றத்தைப் பதிவு செய்ய உதவும் கிட் என்ற சாப்ட்வேர், நாம் சொல்லும் தேதியை அப்படியே எழுதிக்கொள்ளும்.

```
git commit --date="2023-01-15 10:00" -m "test"
```

இன்று இந்தக் கட்டளையைக் கொடுத்து கிட்ஹப்புக்கு அனுப்பினால், 2023 ஜனவரி 15-ன் கட்டம் பச்சையாகும். புராஜெக்ட்டின் உள்ளே உள்ள பட்டியலில் மட்டும் இன்றைய தேதி இருக்கும். ஏமாற்றைக் கண்டுபிடிக்க அது ஒரு வழி. ஆனால் அந்தத் தேதியையும் மாற்றத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்!

பிறகு எதை நம்புவது? அடுத்தவர் புராஜெக்ட்டில் ஏற்கப்பட்ட திருத்தத்தை. ஒரு புரோகிராம், தமிழில் பெயரிட்ட பைலைத் திறந்தால் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் காரணத்தைக் கண்டுபிடித்து நாலு வரியைத் திருத்தி அனுப்புகிறார். புராஜெக்ட்டை நடத்துபவர், ‘இது மீண்டும் கெடாமல் இருக்க ஒரு சோதனையும் எழுதுங்கள்’ என்கிறார். இவர் எழுதித் தருகிறார். பிறகு Merged என்ற அடையாளம் விழுகிறது. அனுப்பிய தேதி, ஏற்ற தேதி இரண்டையும் போடுவது கிட்ஹப். அனுப்பியவர் அதைத் தொட முடியாது. அந்த உரையாடலைப் படித்தாலே ஆள் எப்படி யோசிக்கிறார், குறை சொன்னால் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று தெரிந்துவிடும்.

ஆனால் எண்ணிக்கையைப் பார்த்தால் இதிலும் ஏமாறுவோம். 2020 அக்டோபரில், ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்ச்சியில் சில திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் இலவசம் என்றார்கள். விளக்கக் குறிப்பில் ஒரு வார்த்தையை மட்டும் சேர்த்து ஆயிரக்கணக்கில் குப்பை அனுப்பினார்கள். விருப்பம் தெரிவித்த புராஜெக்ட்கள் மட்டும் சேர்த்துக்கொள்ளப்படும் என்று விதியையே சில நாட்களில் மாற்ற வேண்டியதாயிற்று.

உங்கள் வீட்டில் யாராவது இப்படி விண்ணப்பித்தால், கிட்ஹப் முகவரியை மட்டும் தர வேண்டாம் என்று சொல்லுங்கள். கிட்ஹப் தேடலில் இதைக் கொடுத்தால் (username இருக்கும் இடத்தில் அவர் பெயர்) ஏற்கப்பட்டவை மட்டும் வரும்:

```
is:pr is:merged author:username
```

அதில் நல்ல ஒன்றின் முகவரியைத் தந்து, கீழே பிழை என்ன, எப்படித் தீர்த்தேன் என்று இரண்டு வரி எழுதினால் போதும். நேர்காணலில் கேள்வி அதிலிருந்துதான் தொடங்கும்.