கண்டிக்கு 71 சதவீதமாம்!

2024 ஜூலையில் எல்.பி.எல். நடந்துகொண்டிருந்த நாட்களில் எமது ஊர் வட்ஸ்அப் குழுவில் ஒரு படம் சுற்றியது. ஐந்து அணிகளின் பெயர், பக்கத்தில் ஐந்து எண்கள். கீழே "10,000 தடவைகள் கணினியில் விளையாடிப் பார்த்தது" என்று எழுதியிருந்தார்கள். கண்டி அணி பிளே-ஓப் போக 71 சதவீதம் என்றது படம். உடனே குழு இரண்டாகப் பிரிந்தது. ஒரு பக்கம் "பத்தாயிரம் தடவை பார்த்திருக்கிறார்கள், பிழைக்குமா?" மறுபக்கம் "எல்லாம் பொய்." அடுத்த நாள் வகுப்பிலும் இதே சண்டை. கணக்குப் படிப்பிக்கும் எமக்கு இரண்டு பக்கமுமே சரியாகப் படவில்லை.

முதலில் அந்த 71 எப்படி வருகிறது என்று பார்ப்போம். எல்.பி.எல்.லில் ஐந்து அணிகள். ஒவ்வொரு அணியும் மற்ற நான்குடனும் இரண்டிரண்டு முறை மோதும். ஆளுக்கு 8 போட்டி, மொத்தம் 20. முதல் நான்கு இடத்தில் வருபவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போவார்கள், ஒருவர் வீட்டுக்கு. கணினி செய்வது இவ்வளவுதான்: ஒவ்வொரு போட்டிக்கும் ஒரு சீட்டுக் குலுக்கி வென்றவரை எழுதுகிறது, 20 போட்டியும் முடிந்ததும் புள்ளிப் பட்டியல் போடுகிறது, முதல் நால்வரைக் குறித்துக்கொள்கிறது. இதையே 10,000 முறை திரும்பச் செய்கிறது. அதில் 7,100 முறை கண்டி முதல் நான்கில் இருந்தால் 71 சதவீதம். ஆக, மிச்சம் 2,900 பருவங்களில் கண்டி வெளியே. தாயக்கட்டையில் ஒன்றோ இரண்டோ விழுவதை விடச் சற்றே அரிது, அவ்வளவுதான். அது நடந்துவிட்டால் கணக்குப் போட்டவரைப் பொய்யன் என்று சொல்ல முடியாது.

எக்செல் தெரிந்த பிள்ளை இதை ஒரு மாலையில் செய்துவிடும். ஒரு வரி ஒரு பருவம், அதில் 20 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும்:

```
=IF(RAND()<0.5,1,0)
```

1 வந்தால் முதல் பெயருள்ள அணி வெற்றி, 0 வந்தால் மற்றது. வெற்றிகளைக் கூட்டி, வரியைக் கீழே இழுத்து நகலெடுத்தால் முடிந்தது.

சூட்சுமம் அந்த 0.5இல் இருக்கிறது. அந்த எண்ணைக் கணினி கண்டுபிடிப்பதில்லை, நாம்தான் கொடுக்கிறோம். பத்தாயிரம் தடவை செய்வதால் கிடைக்கும் நன்மை ஒன்றே ஒன்றுதான்: குலுக்கலால் வரும் தடுமாற்றம் குறையும். 100 தடவை செய்தால் விடை பத்துப் புள்ளி வரை அங்குமிங்கும் ஆடலாம். 10,000 தடவை செய்தால் ஏறக்குறைய ஒரு புள்ளிக்குள் நின்றுவிடும். ஆனால் கொடுத்த எண்ணே பிழை என்றால், பத்து லட்சம் தடவை செய்தாலும் அதே பிழைதான் இன்னும் அழகாக வரும்.

எவ்வளவு பிழைக்கும்? ஓர் அணி 8 போட்டியில் இரண்டோ அதற்குக் குறைவோ வெல்லும் வாய்ப்பைப் பார்ப்போம். ஒவ்வொரு போட்டியிலும் சரிபாதி வாய்ப்பு உள்ள அணிக்கு இது 256இல் 37, அதாவது 14.5 சதவீதம். போட்டிக்குப் போட்டி 60 சதவீத வாய்ப்பு உள்ள அணிக்கு 5 சதவீதம். 40 சதவீத வாய்ப்பு உள்ள அணிக்கு 31.5. நாம் கொடுக்கும் எண் சற்று நகர்ந்ததும் விடை ஆறு மடங்கு மாறுகிறது. கண்டி 40 வகையா 60 வகையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பழைய பருவங்களைப் பார்க்கலாம் என்றால், 2020இல் டஸ்கர்ஸ், 2021இல் வொரியர்ஸ், 2022இல் பெல்கன்ஸ், 2023இல் பி-லவ், 2024இல் மறுபடியும் பெல்கன்ஸ். பெயரே நிலைக்காத இடத்தில் வீரர்கள் எங்கே நிலைப்பது?

நேர்மையான வழி ஒன்று உண்டு. ஒவ்வொரு பருவமும் தொடங்கும் முன் அணியின் பலத்தையும் குலுக்கி எடுக்க வேண்டும். 40, 50, 60 மூன்றுக்கும் சம வாய்ப்புக் கொடுத்தால் மேலே சொன்ன 14.5 ஏறக்குறைய 17 ஆகிவிடும். சராசரி அதே 50தான், ஆனால் மோசமான பருவம் வரும் வாய்ப்புக் கூடிவிடுகிறது. நமக்குத் தெரியாததைத் தெரியாது என்றே கணக்கில் சேர்ப்பதற்கான விலை அது.

இரண்டே வெற்றி பற்றிச் சும்மா பேசவில்லை. முதலாவது எல்.பி.எல்., 2020 நவம்பர் 26, ஹம்பாந்தோட்டை. தொடக்கப் போட்டியில் கண்டி டஸ்கர்ஸ் 219, கொழும்பு கிங்ஸும் 219. சுப்பர் ஓவரில் கொழும்பு வென்றது. லீக் சுற்று முடிந்தபோது கண்டிக்கும் காலி கிளாடியேட்டர்ஸுக்கும் தலா 2 வெற்றி, 4 புள்ளி. நிகர ஓட்ட வேகத்தில் காலி முன்னேற, கண்டி வீடு வந்தது. அந்த ஒரு சுப்பர் ஓவர் இந்தப் பக்கம் விழுந்து, மற்றதெல்லாம் அப்படியே நடந்திருந்தால் கண்டி 6 புள்ளியோடு உள்ளே, காலி வெளியே. அந்தக் காலிதான் அரையிறுதியில் முதலிடத்தில் இருந்த கொழும்பை வீழ்த்தி இறுதிப் போட்டி வரை போனது. 2024இல் கதை திரும்பியது: கண்டிக்கும் தம்புள்ளைக்கும் 6, 6 புள்ளி. இம்முறை ஓட்ட வேகம் நம் பக்கம்.

சமபுள்ளி அடிக்கடி வரும் என்பதால் கணக்கிலும் அதற்கு வழி செய்ய வேண்டும். பலருடைய எக்செல்லில் சமபுள்ளி வந்தால் பட்டியலில் மேலே எழுதிய அணி தானாக முன்னே போய்விடும். நம்மவர்கள் எந்த அணியை மேலே எழுதுவார்கள் என்று சொல்லத் தேவையில்லை! ஒவ்வொரு அணியின் வெற்றித் தொகையோடும் `+RAND()/10` சேர்த்தால் அங்கேயும் குலுக்கல் நடக்கும். பருவத்தின் நடுவில் கணக்குப் போடுபவர் அன்றைய ஓட்ட வேகத்தையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

கணக்கு ஒழுங்கா என்று பார்க்க இரண்டு சோதனை வைத்திருக்கிறோம். எல்லாப் போட்டிக்கும் 0.5 கொடுத்தால் ஐந்து அணிக்கும் 80 சதவீதத்தை ஒட்டி வர வேண்டும், ஐந்து பேருக்கு நான்கு இடம்தானே. ஒருவருக்கு 84, இன்னொருவருக்கு 76 என்றால் எங்கோ சாய்வு இருக்கிறது. மற்றது இன்னும் இலகு, எந்த எண் கொடுத்தாலும் செல்லும்: ஐந்து அணிகளின் சதவீதங்களைக் கூட்டினால் 400 வர வேண்டும். ஒவ்வொரு பருவத்திலும் சரியாக நான்கு பேர் போகிறார்கள், கூடவும் இல்லை குறையவும் இல்லை.

எமது கருத்து இதுதான்: ஒரு போட்டிக்கு எந்த எண்ணைக் கொடுத்தார்கள், அதை எங்கிருந்து எடுத்தார்கள் என்று எழுதாத படத்தைக் குழுக்களில் பகிர வேண்டாம். "10,000 தடவை" என்பது அதற்கு ஈடாகாது.

அந்தப் படத்துக்கு வருவோம். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கரும்பலகையில் கூட்டியது: 93, 88, 71, 66, 54. மொத்தம் 372. படத்தைச் செய்தவர் எமக்குத் தெரிந்த தம்பிதான். மிச்சம் 28 எங்கே என்று கேட்டோம். ஒவ்வொரு அணிக்கும் தனித்தனியாகக் குலுக்கினாராம். கண்டி வென்ற போட்டியில் தம்புள்ளை தோற்க வேண்டும் என்பது அவருடைய கணினிக்குத் தெரியவில்லை.