கடன் மருத்துவமனைக்கு, லாபம் நிதியத்துக்கு

திருவனந்தபுரம் ஆனயறையில் 2002ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கிம்ஸ் மருத்துவமனை, கேரளத்தின் தென்கோடி மக்களும் கன்னியாகுமரி மாவட்டத்து மக்களும் நன்கறிந்த நிறுவனம். 2023 அக்டோபரில் அதன் பெரும்பான்மைப் பங்குகளை ஹைதராபாத்தின் கேர் மருத்துவமனைகளை நடத்தும் குவாலிட்டி கேர் நிறுவனம் வாங்குவதாக அறிவிக்கப்பட்டது. விலை ஏறத்தாழ 40 கோடி டாலர் என்று செய்திகள் கூறின. குவாலிட்டி கேரின் பெரும்பான்மை உரிமையாளராக அமெரிக்காவின் பிளாக்ஸ்டோன் இருந்தது. 2024 நவம்பரில் அந்நிறுவனத்தை ஆஸ்டர் டிஎம் ஹெல்த்கேருடன் இணைக்கும் திட்டம் வெளியானது. இணைந்த நிறுவனத்தில் பிளாக்ஸ்டோனின் பங்கு சுமார் 31 சதவீதம். ஆஸ்டரைத் தோற்றுவித்தவர்களுடையது 24 சதவீதம்.

இதை “அந்நிய முதலீடு வருகிறது” என்று முதலாளித்துவ ஏடுகள் கொண்டாடின. ஆனால் பிளாக்ஸ்டோன் மருத்துவமனை கட்டும் நிறுவனமன்று. அது தனியார் பங்கு நிதியம்; நிறுவனங்களை வாங்கி, சில ஆண்டுகள் வைத்திருந்து, விற்பதே அதன் தொழில். அந்தத் தொழிலின் மையக் கருவி கடன்வழி வாங்கல். கிம்ஸ் கைமாறியது அம்முறையில்தான் என்று இங்கே குற்றம் சாட்டப்படவில்லை. அக்கருவி இந்நாட்டில் முழுமையாக இயங்குவதற்குச் சட்டம் இதுவரை தடையாக இருந்தது. அந்தத் தடை இப்போது தளர்த்தப்படுகிறது என்பதே பிரச்சினை.

அதன் இயக்கத்தை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். ஒரு மருத்துவமனையின் விலை 100 கோடி ரூபாய். ஆண்டு லாபம் 12 கோடி என்று கொள்வோம். முழுத் தொகையையும் சொந்தமாகப் போட்டு வாங்குபவர், ஐந்தாண்டுகளில் 60 கோடி லாபம் பெற்று, பின் 120 கோடிக்கு விற்றால், அவருடைய 100 கோடி 180 கோடியாகிறது. ஈட்டம் 80 சதவீதம்.

நிதியம் அவ்வாறு செய்வதில்லை. சொந்தமாக 30 கோடி போடுகிறது. 70 கோடியைப் பத்து சதவீத வட்டிக்குக் கடன் வாங்குகிறது. வட்டி ஆண்டுக்கு 7 கோடி. மீதி லாபம் 5 கோடி. ஐந்தாண்டுகளில் 25 கோடி. 120 கோடிக்கு விற்று 70 கோடிக் கடனை அடைத்தால் மிச்சம் 50 கோடி. 30 கோடி 75 கோடியாகிவிட்டது. ஈட்டம் 150 சதவீதம். மருத்துவமனையில் ஒரு படுக்கைகூடக் கூடவில்லை. ஒரு செவிலியரும் கூடுதலாக நியமிக்கப்படவில்லை. கடன் ஒன்றே லாப விகிதத்தை ஏறத்தாழ இருமடங்காக்கியது.

அந்தக் கடன் யாருடையது என்பதில்தான் சூழ்ச்சி இருக்கிறது. வாங்குவதற்கென்றே நிதியம் ஒரு பெயரளவு நிறுவனத்தைத் தொடங்கும். கடன் அதன் பெயரில் வாங்கப்படும். வாங்கல் முடிந்ததும் அந்நிறுவனம் மருத்துவமனையோடு இணைக்கப்படும். அக்கணமே 70 கோடிக் கடன் மருத்துவமனையின் கடனாகிவிடும். தன்னை விற்பதற்கான விலையைத் தானே வட்டியோடு கட்டும் நிலை அதற்கு நேர்கிறது. வட்டி செலவாகக் கணக்கிடப்படுவதால் வருமான வரியும் குறைகிறது. வரி 25 சதவீதமானால், ஆண்டுக்கு 1.75 கோடி அரசுக் கருவூலத்துக்கு இழப்பு. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதை இதுதான்.

லாபம் 12 கோடியிலிருந்து 6 கோடியாகக் குறைந்தால் என்ன ஆகும்? கடனில்லாத மருத்துவமனை தாக்குப்பிடிக்கும். கடன் சுமந்த மருத்துவமனையால் 7 கோடி வட்டியைக் கட்ட இயலாது. நிதியத்தின் இழப்பு அதிகபட்சம் 30 கோடி. மீதியைத் தொழிலாளர்களும் நோயாளிகளும் மருந்து வழங்குவோரும் கடன் கொடுத்தோரும் சுமப்பார்கள். அந்த 30 கோடியையும் முன்கூட்டியே எடுத்துவிட வழியுண்டு.

அந்த வழியை அமெரிக்காவின் பிராஸ்பெக்ட் மெடிக்கல் ஹோல்டிங்ஸ் என்ற மருத்துவமனைத் தொடரின் வரலாறு காட்டுகிறது. 2010இல் லெனர்ட் கிரீன் என்ற நிதியம் அதன் பெரும்பான்மை உரிமையைப் பெற்றது. 2018இல் மருத்துவமனைகளின் பெயரில் 112 கோடி டாலர் கடன் வாங்கப்பட்டது. அதிலிருந்து 45.7 கோடி டாலர் பங்குதாரர்களுக்கு ஈவுத்தொகையாகச் சென்றது. அடுத்த ஆண்டு மருத்துவமனைகளின் நிலமும் கட்டடங்களும் விற்கப்பட்டு, அதே இடங்கள் வாடகைக்கு எடுக்கப்பட்டன. சொந்த வீட்டை விற்றுவிட்டு, அதிலேயே வாடகைக்குக் குடியிருக்கும் நிலை. 2021இல் நிதியம் வெளியேறியது. 2025 ஜனவரியில் பிராஸ்பெக்ட் திவால் மனு தாக்கல் செய்தது. பென்சில்வேனியாவில் ஏழை மக்கள் நம்பியிருந்த குரோசர் மருத்துவமனை அவ்வாண்டு மே மாதம் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் வேலை இழந்தனர்.

இத்தகைய சூறையாடலுக்கு இந்தியாவில் இரு தடைகள் இருந்தன. ஒரு பொது நிறுவனம் தன் பங்குகளைப் பிறர் வாங்குவதற்குக் கடனோ, உத்தரவாதமோ, பிணையோ தரக்கூடாது என்பது முதல் தடை. 1956ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 77ஆம் பிரிவிலும், இன்றைய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 67ஆம் பிரிவிலும் அது உள்ளது. ஆனால் தனியார் வரையறை நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. ஓட்டை அங்கேயே இருக்கிறது. பங்குகளை வாங்கி நிறுவனத்தைக் கைப்பற்ற வங்கிகள் கடன் தருவதை ரிசர்வ் வங்கி பெரும்பாலும் அனுமதிக்காமல் வந்தது இரண்டாவது தடை. மக்களின் சேமிப்பு கைப்பற்றல் சூதாட்டத்துக்குப் போகாமல் காத்த மதில் அது.

2025 அக்டோபரில் அந்த மதிலில் வாசல் வைக்கப்பட்டது. இந்திய நிறுவனங்கள் பிற நிறுவனங்களை வாங்குவதற்கு வங்கிகள் கடன் தரலாம் என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. அம்மாதம் வெளியிட்ட வரைவில், வாங்கும் விலையில் 70 சதவீதம் வரை வங்கிக் கடனாக இருக்கலாம் என்றிருந்தது. வாங்கப்படும் நிறுவனத்தின் பங்குகளே பிணை. மேலே கண்ட கணக்கின் அதே 70 சதவீதம்! வாங்குபவர் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனமாக இருக்க வேண்டும் என்ற அவ்வரைவின் நிபந்தனையை அரசின் ஆதரவாளர்கள் பாதுகாப்பாகக் காட்டினார்கள். ஆனால் ஆஸ்டர் பட்டியலிடப்பட்ட இந்திய நிறுவனம்தானே! இணைப்புத் திட்டப்படி அதன் மிகப் பெரிய பங்குதாரராகும் நிதியம், நாளை அதன் பெயரில் சிறு மருத்துவமனைகளை நம் வங்கிப் பணத்தைக் கொண்டே வாங்க எந்தத் தடையும் இல்லை.

எனவே இடதுசாரி இயக்கத்தின் கோரிக்கை திட்டவட்டமாக இருக்க வேண்டும். மருத்துவமனை, பள்ளி, குடிநீர் போன்ற துறைகளில் கைப்பற்றலுக்கான வங்கிக் கடன் தடை செய்யப்பட வேண்டும். 67ஆம் பிரிவு தனியார் வரையறை நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட வேண்டும். மருத்துவமனை கைமாறும்போது மாநில அரசின் ஒப்புதல் கட்டாயமாக்கப்பட வேண்டும். இது கற்பனையன்று. பிராஸ்பெக்டிலிருந்து லெனர்ட் கிரீன் வெளியேறியபோது, ரோட் ஐலண்ட் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரல் அங்குள்ள இரு மருத்துவமனைகளுக்காக 8 கோடி டாலரை ஈடாக வைக்க வேண்டும் என்ற நிபந்தனையுடனேயே ஒப்புதல் தந்தார். முதலாளித்துவத்தின் தலைநகரிலேயே ஒரு மாநிலம் அவ்வாறு நிபந்தனை விதிக்க முடிந்தது.

தொழிற்சங்கத் தோழர்கள் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. நிறுவனச் சொத்தின் மீது பிணை வைத்துக் கடன் வாங்கினால் அது நிறுவனங்களின் பதிவாளரிடம் பதியப்பட வேண்டும். கட்டணம் செலுத்தி எவரும் அதைப் பார்க்கலாம். ஆண்டறிக்கையில் மூன்றைக் கவனிக்க வேண்டும்: லாபத்தைவிட வேகமாக ஏறும் கடன், லாபத்தை மிஞ்சும் ஈவுத்தொகை, சொந்தக் கட்டடத்துக்குத் திடீரென முளைக்கும் வாடகை. செவிலியர் எண்ணிக்கை குறைவதும் நோயாளியின் கட்டணம் உயர்வதும் இவற்றுக்குப் பின்னரே வரும். முதல் அறிகுறியிலேயே போராட்டம் தொடங்கப்பட வேண்டும்.