ஃபோல்டரா, டேக்கா? தேடப்போற நாளை நினைச்சு முடிவு பண்ணுங்க

கொஞ்சம் நீளமான பதிவு, நேரம் கிடைக்கும்போது படிங்க. கைப்பேசியில வீட்டுக் கணக்கு, மருந்துச் சீட்டு, ரசீது எல்லாம் குறிப்பா எழுதி வைக்கிறவங்களுக்காக எழுதுறேன்.

குறிப்பு எழுதுறவங்க மத்தியில ஒரு பழைய வாக்குவாதம் இருக்கு. ஒரு சாரார் ஃபோல்டர் போட்டு அடுக்கினாத்தான் ஒழுங்குன்னு சொல்வாங்க. இன்னொரு சாரார், "ஃபோல்டரெல்லாம் பழசு, டேக் போதும்"னு சொல்வாங்க. என் கருத்து என்னன்னா, டேக்தான் அதிகம் உதவும். ஆனா வாய்க்கு வந்தபடி போடுற டேக், ஒண்ணுமே போடாம குவிச்சு வைக்கிறதை விட மோசம். ஏன்னு ஒரு ரசீதை வெச்சே சொல்றேன்.

ஒரு வீட்டுல அம்மாவுக்கு முழங்கால் வலி. 2023 ஆகஸ்ட்ல கிளினிக்குல பயிற்சி சிகிச்சை, 380 ரிங்கிட். மகள் ரசீதைப் படம் பிடிச்சு, கீழே ரெண்டு வரி எழுதி, நோட்ஸ்ல சேமிக்கிறாங்க. இந்த ஒரே ரசீதை வெவ்வேறு நாள்ல வெவ்வேறு காரணத்துக்குத் தேடுவாங்க. அடுத்த ஏப்ரல்ல வருமான வரி படிவம் நிரப்பும்போது, பெற்றோர் மருத்துவச் செலவுக்கான கழிவுக்கு இது தேவை. ஆறு மாசம் கழிச்சு வேற மருத்துவர், "இதுக்கு முன்னாடி என்ன சிகிச்சை எடுத்தீங்க?"ன்னு கேட்கும்போது தேவை. அம்மாவுக்கு இந்த வருஷம் மொத்தம் எவ்வளவு செலவாச்சுன்னு தம்பி கேட்டாலும் தேவை.

இதை எந்த ஃபோல்டர்ல வைப்பீங்க? 'மருத்துவம்', 'வரி', 'அம்மா' மூணுமே சரிதான். ஆனா ஃபோல்டர்ல ஒரு இடம்தான் உண்டு. 'மருத்துவம்'னு வெச்சா, ஏப்ரல்ல 'வரி' ஃபோல்டரைத் திறந்து பார்க்குறப்போ இந்த 380 ரிங்கிட் அங்க இருக்காது. அது இல்லைங்கிறதே நமக்குத் தெரியாது, அதுதான் ஆபத்து. வரிக்குக் காட்டுற ரசீதை ஏழு வருஷம் பத்திரமா வைக்கணும்னு சட்டம் சொல்லுது. ஏழு வருஷத்துக்குள்ள ஒருநாள் கணக்காய்வுக்குக் கூப்பிட்டா, எந்த ஃபோல்டர்ல வெச்சோம்ங்கிற ஞாபகத்தை நம்பி உட்கார முடியாது.

"தேடல் பெட்டி இருக்கே, ஏதாவது ஒரு சொல்லை அடிச்சா வந்துடாதா?"ன்னு கேட்பீங்க. குறிப்புல உள்ள சொல்லைத்தான் அது கண்டுபிடிக்கும். ரசீதுல அம்மாவோட அடையாள அட்டைப் பேர் இருக்கும், 'அம்மா'ன்னு இருக்காது. சிகிச்சையோட பேர் மலாய்ல இருக்கும். நாம தமிழ்ல எழுதுற ரெண்டு வரியும் ஒரே மாதிரி இருக்காது. ஒருநாள் 'ரசீது', இன்னொருநாள் 'பில்'. தமிழ்லயே 'கோயில்'னு எழுதினதை 'கோவில்'னு தேடினா பல செயலிகள்ல வராது. அதனாலதான் டேக் வேணும். குறிப்புக்குள்ள என்ன எழுதியிருந்தாலும், அதை எந்தச் சொல்லால தேடுவோமோ அந்தச் சொல்லை நாமே அது மேல ஒட்டி வைக்கிறோம்.

இப்போ டேக் எங்க கெட்டுப்போகுதுன்னு பார்ப்போம். தெரிஞ்ச அக்கா ஒருத்தரோட நோட்ஸை அவங்ககூட உட்கார்ந்து ஒழுங்கு பண்ணினோம். 140-க்கு மேல டேக் இருந்துச்சு. அதுல பாதிக்கு மேல ஒரே ஒரு குறிப்புல மட்டும் இருந்த டேக். ரசீதுக்கு மட்டும் அவங்க வெச்சிருந்தது இது: `#resit`, `#receipt`, `#receipts`, `#bil`, `#ரசீது`. நாம மூணு மொழியில யோசிக்கிறவங்க. காலையில அலுவலகத்துல இருந்தா ஆங்கிலம், அரசாங்கத் தாள் கையில இருந்தா மலாய், வீட்டுல இருந்தா தமிழ். எழுதுற நேரத்துல நாக்குல எது இருக்கோ அதுதான் டேக்கா விழும். `#resit`னு தேடினா 23 வருது, சரின்னு கணக்கைக் கூட்டிடுவோம். மீதி நாலு டேக்குல தூங்குற ரசீதுங்க வெளியே வரவே வராது. ஒண்ணுமே வராம இருந்தாலாவது சந்தேகப்படுவோம். பாதி வந்தா முழுசுன்னு நம்பிடுவோம்.

இது அந்த அக்காவோட பழக்கம் மட்டும் இல்ல. 1987-இல ஃபர்னாஸ் என்பவரும் அவரோட சகாக்களும் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரே பொருளுக்கு ரெண்டு பேர் தனித்தனியா பேர் வெச்சா, அது ஒரே சொல்லா இருக்கிற வாய்ப்பு 20 விழுக்காட்டுக்கும் குறைவுன்னு அதுல வந்துச்சு. ரெண்டு வருஷம் கழிச்சுத் தேடுற நாமும் இன்னொரு ஆள் மாதிரிதான்னு வெச்சுக்கிட்டா, ஞாபகத்தை நம்பி டேக் போடக்கூடாதுன்னு புரியும்.

அப்போ என்ன செய்யணும்? டேக் பட்டியலை முன்கூட்டியே முடிவு பண்ணி, சின்னதா வெச்சுக்கணும். அதுக்கு நம்ம சீர்காழிக்காரர் ஒருத்தரோட யோசனை கைகொடுக்கும். மதராஸ் பல்கலைக்கழக நூலகரா இருந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் 1933-இல 'கோலன்' வகைப்பாட்டை வெளியிட்டார். ஒரு புத்தகத்துக்கு 'இது எந்தப் பெட்டி?'ன்னு ஒரே கேள்வி கேட்காம, எதைப் பத்தினது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம்னு தனித்தனியாக் கேட்டு, அந்தப் பதில்களைச் சேர்த்து எண் கொடுக்கிறதுதான் அதோட அடிப்படை. வீட்டுக் குறிப்புக்கும் அது அப்படியே பொருந்தும். நான் மூணே கேள்வி போதும்னு சொல்வேன்: யாரைப் பத்தினது? என்ன வகைத் தாள்? எந்த வருஷக் கணக்கு?

நம்ம முழங்கால் ரசீதுக்கு இப்போ டேக் போட்டா இப்படி வரும்:

```
#amma #resit #cukai/2023
```

இதுல ரெண்டு நுணுக்கம் இருக்கு. முதல்ல, வருஷம். 2023-இல செலவு பண்ணினது 2023 மதிப்பீட்டு ஆண்டுக்குத்தான் சேரும். ஆனா படிவம் நிரப்புறது 2024-இல. நிரப்புற வருஷத்தை டேக்கா போட்டா ரசீது எல்லாம் ஒரு வருஷம் தள்ளிப் போய் நிக்கும். அதனால காசு கொடுத்த வருஷத்தைத்தான் போடணும். ரெண்டாவது, வெறும் `#2023`னு போட்டா ஒப்சிடியன் மாதிரியான செயலி அதை டேக்கா ஏத்துக்காது, எண் அல்லாத ஒரு எழுத்தாவது வேணும். அதுல சாய்கோடு போட்டா உட்பிரிவு ஆகிடும், `#cukai`ன்னு தேடினா எல்லா வருஷமும் சேர்ந்து வரும். ஐபோன் நோட்ஸ்ல இந்த உட்பிரிவு வசதி இல்ல, அங்க `#cukai2023`னு சேர்த்தே எழுதிடுங்க. டேக்குக்குள்ள இடைவெளி விடக்கூடாதுங்கிறது ரெண்டுக்கும் பொது. `#amma ubat`னு அடிச்சா `#amma` மட்டும்தான் டேக் ஆகும்.

ஏப்ரல்ல ஒப்சிடியன்ல தேடுறது இவ்வளவுதான்:

```
tag:#amma tag:#resit tag:#cukai/2023
```

மருத்துவர் கேட்டா முதல் டேக் போதும். தம்பி இந்த வருஷச் செலவைக் கேட்டா மூணுமே வேணும். இதை விட எனக்குப் பிடிச்சது அடுத்த தேடல்:

```
tag:#resit -tag:#cukai
```

ரசீதுன்னு இருக்கு, ஆனா வருஷம் போடாம விட்டதெல்லாம் இதுல வரிசையா வந்து நிக்கும். முன்னாடி சொன்ன 'இல்லைங்கிறதே தெரியாது' பிரச்சினைக்கு இதுதான் மருந்து. மாசம் ஒருமுறை இதை ஓட்டிப் பார்த்தா, ஏப்ரல்ல இரவு உட்கார்ந்து வாட்ஸ்அப் படங்களைத் தோண்ட வேண்டியதில்ல. அப்படியே டேக் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துடுங்க. ஒரே குறிப்புல இருக்கிற டேக் பெரும்பாலும் எழுத்துப்பிழை, இல்லன்னா வேற டேக்கோட இரட்டைப் பிள்ளை. அதை எடுத்துடலாம். `#penting`னு நூறு குறிப்புல இருந்தா அதுவும் வீண்தான். எல்லாமே முக்கியம்னா எதையும் அது பிரிச்சுக் காட்டாது.

"ஏன் டேக்கைத் தமிழ்ல போடக்கூடாதா?"ன்னு சிலர் கோபிக்கலாம். தாராளமாப் போடலாம், `#ரசீது`ன்னு போட்டாலும் வேலை செய்யும். ஆனா எது போட்டாலும் ஒரே மொழி, ஒரே வடிவம். ஒருமைன்னா எப்பவும் ஒருமை, `#ரசீதுகள்` வேற டேக்காப் போயிடும். தமிழுக்கு இன்னொரு எச்சரிக்கை உண்டு. 'கொ' மாதிரி எழுத்தைக் கணினி ரெண்டு விதமாச் சேமிக்க முடியும். கொம்பும் காலும் ஒரே குறியா இருக்கலாம், தனித்தனிக் குறியாவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும், சில செயலிகளுக்கு வேற வேற. அதனால கையால மறுபடி அடிக்காம, செயலி காட்டுற பட்டியல்ல இருந்து தொட்டுத் தேர்ந்தெடுக்கிறதே நல்லது. எந்த மொழிக்கும் இந்தப் பழக்கம் உதவும்.

ஃபோல்டரை முழுசாத் தூக்கிப் போடச் சொல்லல. மொத்தமா இன்னொருத்தர் கையில கொடுக்க வேண்டியதுக்கும், மொத்தமா அழிக்க வேண்டியதுக்கும் ஃபோல்டர்தான் சரி. அம்மாவைப் பார்த்துக்கிற பொறுப்பு நாளைக்குத் தம்பிக்குப் போனா, 'அம்மா'ங்கிற ஃபோல்டரை அப்படியே பகிர்ந்துடலாம். வீட்டைப் புதுப்பிக்கிற வேலை முடிஞ்சா அந்த ஃபோல்டரை மூட்டை கட்டிடலாம். டேக்கை அப்படித் தூக்கிக் கொடுக்க முடியாது. என் கணக்குல நாலஞ்சு ஃபோல்டர், பத்துப் பதினஞ்சு டேக், ஒரு வீட்டுக்குப் போதும். ஃபோல்டருக்குள்ள ஃபோல்டர்னு மூணாவது படிக்கு இறங்கினீங்கன்னா, டேக் செய்ய வேண்டிய வேலையை ஃபோல்டர் மேல சுமத்துறீங்கன்னு அர்த்தம்.

டேக் பட்டியலை ஒரு குறிப்பா எழுதி மேலே ஒட்டி வைங்க. புது டேக் ஒண்ணு வேணும்னு தோணுச்சுன்னா, "இந்தச் சொல்லை அடிச்சு எந்த நாள்ல, எதுக்காகத் தேடப் போறேன்?"னு கேளுங்க. பதில் இல்லன்னா அந்த டேக் வேணாம். பழைய குறிப்பு எல்லாத்தையும் ஒரே நாள்ல திருத்த உட்காராதீங்க. இந்த வருஷ ரசீதுல ஆரம்பிங்க, பழசைத் தேடி எடுக்கிறப்போ அதுக்கும் டேக் போட்டுட்டு மூடுங்க.

உங்க வீட்டுல ரசீதுக்கு எத்தனை பேர்ல டேக் இருக்குன்னு எண்ணிப் பார்த்து கீழே எழுதுங்க.